புகை பிடித்த அறைக்குப் பணம் பிடித்த பிறகு விருந்தினருக்கு எழுதும் கடிதம்: ஒரு முழுமையான வழிகாட்டி

எழும்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் 42 அறைகள் உள்ள ஒரு ஹோட்டலில் நான் டூட்டி மேனேஜராக இருந்தபோது ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. பெண்ணின் அப்பா தன் பெயரில் எட்டு ரூம் எடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் செக்-இன், ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் முடிந்து மதியம் செக்-அவுட். எட்டு அறைக்கும் சேர்த்து 10,000 ரூபாய் டெபாசிட் வாங்கியிருந்தோம். ஞாயிறு மதியம் 12.35-க்கு 407-ஐச் சுத்தம் செய்யப் போன ரூம் பாய், கதவைத் திறந்த உடனே திரும்பி வந்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். அறை முழுக்க சிகரெட் வாடை. அது புகைபிடிக்கக் கூடாத தளம்.

407-ல் தங்கியிருந்தது மாப்பிள்ளை வீட்டு ஆட்கள். பணம் கட்டியவர், கையெழுத்துப் போட்டவர் பெண்ணின் அப்பா. கடிதம் அவருக்குத்தான் போக வேண்டும். அன்றைக்குத்தான் மகளைக் கட்டிக் கொடுத்த மனிதர், சம்பந்தி வீட்டாரைக் கூப்பிட்டு யார் சிகரெட் பிடித்தது என்று கேட்க முடியுமா? இந்த ஒரு கடிதத்தை ஒழுங்காக எழுத நான் பட்ட பாடுதான் கீழே வரும் படிகள். சின்ன லாட்ஜ், சர்வீஸ் அபார்ட்மென்ட், வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விடுபவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதல் படி: எதையும் தொடுவதற்கு முன் பாருங்கள்

கடிதத்தின் பலம் முதல் ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது. ஜன்னலைத் திறந்து, ரூம் ஃப்ரெஷ்னர் அடித்து, பெட்ஷீட்டை லாண்டரிக்கு அனுப்பிவிட்டால் அப்புறம் எழுத ஒன்றும் இருக்காது.

வாடையைப் படம் எடுக்க முடியாது. அதனால் இரண்டு பேர் தனித்தனியாக உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அதில் ஒருவர் வேறு தளத்தில் வேலை செய்பவராக இருந்தால் நல்லது. முதலில் போனவர் தான் நினைத்ததை அடுத்தவரிடம் சொல்லிவிடக் கூடாது. நம் மூக்கு சில நிமிடங்களில் எந்த வாடைக்கும் பழகிவிடும். எனவே உள்ளே நின்றுகொண்டே யோசிக்காமல், வெளியே வந்து கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள். இருவரும் லாக் புக்கில் நேரம் போட்டுத் தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.

அப்புறம் கண்ணுக்குத் தெரியும் தடயங்கள். பாத்ரூம் டம்ளர், ஜன்னல் விளிம்பு, குப்பைக்கூடை, கம்மோடுக்குப் பின்புறம், ஸ்மோக் டிடெக்டரை ஏதாவது பையால் மூடிய அடையாளம். 407-ல் பாத்ரூம் டம்ளரில் தண்ணீரோடு மூன்று சிகரெட் துண்டுகள் கிடந்தன. கட்டிலின் ஜன்னல் பக்கத்துப் பெட்ஷீட்டில் சின்னதாக ஒரு கருகிய துளை. கிடந்த இடத்திலேயே, முதலில் அறை முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு படம், பிறகு கிட்டத்தில் ஒரு படம் எடுத்தோம். அந்தத் துண்டுகளையும் ஷீட்டையும் விஷயம் முடியும்வரை தூக்கிப் போடவில்லை.

நம் ஊரில் அறைக்குள் ஊதுபத்தி ஏற்றுவதும், சாம்பிராணி போடுவதும், கொசுவத்திச் சுருள் வைப்பதும் சகஜம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். ஊதுபத்தி எரிந்த இடத்தில் மூங்கில் குச்சி மிஞ்சும், கொசுவத்திச் சாம்பல் சுருள் வடிவத்திலேயே விழுந்து கிடக்கும், சாம்பிராணி வாடை யாருக்கும் தெரியும். சிகரெட்டின் ஃபில்டர் துண்டுக்கு மட்டும்தான் வேறு விளக்கம் கிடையாது. துண்டோ சிகரெட் சாம்பலோ இல்லாமல் லேசான வாடை மட்டும் இருந்தால் நான் பணம் பிடிக்க மாட்டேன். அறையைக் காற்றாட விட்டு, லாக் புக்கில் எழுதி வைத்துவிட்டு அதோடு முடித்துக்கொள்வேன்.

இரண்டாம் படி: நமக்கு எதிராகவும் விசாரித்துப் பாருங்கள்

விருந்தினர் கேட்கப்போகிற கேள்விகளை நாமே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் எழுதிய கடிதம் முதல் போன் காலிலேயே கவிழ்ந்துவிடும்.

இதற்கு முன்பு தங்கியவர் பிடித்ததாக இருக்குமோ? வெள்ளிக்கிழமை 2.30-க்கு அறை தயார் என்று சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட செக்லிஸ்ட் இருந்தது. டம்ளர் கழுவி வைத்ததும் ஷீட் மாற்றியதும் அதில் இருந்தன. பக்கத்து அறையிலிருந்து புகை வந்திருக்குமோ? பல கட்டடங்களில் பாத்ரூம் எக்ஸாஸ்ட் எல்லாம் ஒரே குழாய்க்குள் போகும். ஒரு அறையில் பிடித்தால் மேல் தளத்தில் வாடை வரும். எனவே 307, 507, இருபுறமும் உள்ள 406, 408 எல்லாவற்றையும் பார்த்தோம். எதிலும் வாடை இல்லை. நம் ஆட்களே யாராவது பிடித்திருப்பார்களோ? சாவி கார்டு பதிவைப் பார்த்தோம். சனிக்கிழமை முழுவதும் கதவில் தொந்தரவு செய்ய வேண்டாம் அட்டை தொங்கியதால் ஹவுஸ்கீப்பிங் உள்ளே போகவே இல்லை, எலக்ட்ரீஷியனும் போகவில்லை.

இப்படித் தேடும்போது நமக்குப் பாதகமானதும் கிடைக்கும். ரூம் பாய், மேஜையில் ஒரு தீக்காயம் இருப்பதாகவும் சொன்னார். ஃப்ரண்ட் ஆபீஸில் அதற்கு 1,200 ரூபாய் என்று பில்லில் ஏற்றியும் விட்டார்கள். மெயின்டனன்ஸ் ரிஜிஸ்டரைப் புரட்டினால், அந்தக் காயம் மூன்று மாதத்துக்கு முன்பே பதிவாகியிருந்தது. அதை உடனே எடுத்துவிட்டோம். அந்த ஒரு வரி கடிதத்தில் போயிருந்தால், மீதி உண்மையையும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

மூன்றாம் படி: எந்த உரிமையில் வாங்குகிறோம் என்று தெளிவாகுங்கள்

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பொது இடத்தில் புகைபிடிப்பதைத் தடை செய்வது 2003-ஆம் ஆண்டு புகையிலைப் பொருட்கள் சட்டம். 30 அறைகளோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டல்கள் புகைபிடிக்கத் தனி இடம் ஒதுக்கிக்கொள்ளலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. தடையை மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். அந்த அபராதம் அரசாங்கத்துக்குப் போவது. அதைக் காட்டி ஹோட்டல் ஆயிரக்கணக்கில் வாங்க முடியாது.

நாம் வாங்குவது நஷ்ட ஈடு. அதற்கு அடிப்படை, செக்-இன் போது அவர் கையெழுத்துப் போட்ட ரெஜிஸ்ட்ரேஷன் கார்டு. அதில் புகைபிடித்தால் இவ்வளவு வரை வசூலிக்கப்படும் என்ற வரி இருக்க வேண்டும். லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டிய போர்டு மட்டும் போதாது. எங்கள் கார்டில் 3,500 ரூபாய் என்று இருந்தது. கூட்டமாக வருபவர்களுக்கு ஒரே ஆள் எல்லாக் கார்டிலும் கையெழுத்துப் போடுவது வழக்கம். அப்படி என்றால் பொறுப்பும் அவருடையது, விவரம் தெரிந்திருக்க வேண்டியவரும் அவர். கார்டில் அந்த வரியே இல்லை என்றால், உண்மையில் கெட்டுப்போன பொருளின் செலவைத் தவிர வேறு எதையும் கேட்காதீர்கள்.

கார்டில் 3,500 போட்டிருக்கிறதே, அப்படியே பிடித்துக்கொள்ளலாமே என்றார் முதலாளி. முடியாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும் அது உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான ஈடு மட்டுமே கிடைக்கும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, நஷ்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத தண்டத் தொகை விதிக்கும் ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. விருந்தினர் நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் செய்தால், ஹோட்டலுக்கு உண்மையில் என்ன செலவாச்சு என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

நான்காம் படி: கணக்கைப் போடுங்கள்

407-க்கு நாங்கள் போட்ட கணக்கு இது. துளை விழுந்த பெட்ஷீட் 900 ரூபாய்க்கு வாங்கியது. எங்கள் ஹோட்டலில் ஒரு ஷீட்டை ஏறத்தாழ 24 மாதம் ஓட்டுவோம். இது 12 மாதம் ஓடிவிட்டது. எனவே பாதி, 450. புதுசின் விலையை முழுசாகக் கேட்பதுதான் இந்தத் தொழிலில் மிகச் சாதாரணமாக நடக்கும் அநியாயம். திரைச்சீலை இரண்டை வெளி லாண்டரிக்குக் கொடுத்ததில் ஒன்றுக்கு 280 வீதம் 560. ஏசியின் உள்பகுதியையும் ஃபில்டரையும் கழுவ மெக்கானிக்குக் கொடுத்தது 450. ஷிஃப்ட் முடிந்தும் நின்று வேலை பார்த்தவர்களுக்கு மூன்று மணி நேர ஓவர்டைம், மணிக்கு 120 வீதம் 360. மொத்தம் 1,820 ரூபாய்.

அறை ஒரு நாள் பூட்டிக் கிடந்ததே, அந்த வாடகை? அன்று இரவு 42 அறையில் 31 தான் நிரம்பியது. 407 நன்றாக இருந்திருந்தாலும் விற்றிருக்காது. அதனால் அதைச் சேர்க்கவில்லை. ஹோட்டல் நிறைந்து, இந்த அறை இல்லாததால் ஒருவரைத் திருப்பி அனுப்பியிருந்தால் கேட்கலாம். அதற்கும் அன்றைய அறைப் பட்டியலைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

இந்தத் தொகைக்கு அறை வாடகை மாதிரி ஜிஎஸ்டி போட்டுவிடாதீர்கள். வெறும் நஷ்ட ஈட்டுக்கு வரி கிடையாது என்று 2022 ஆகஸ்டில் மத்திய மறைமுக வரி வாரியம் ஒரு சுற்றறிக்கையில் விளக்கியிருக்கிறது. உங்கள் பில் அதில் பொருந்துகிறதா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: மீதியை முதலில் அனுப்புங்கள்

டெபாசிட் 10,000-ல் 1,820 போக 8,180 ரூபாயை, கடிதம் போவதற்கு முன்பே அவர் கணக்குக்கு அனுப்பிவிட்டோம். தகராறு முடியட்டும் என்று மொத்தத்தையும் பிடித்து வைப்பது அடாவடி. பணம் வந்து சேர்ந்த பிறகு கடிதத்தைப் படிப்பவர் வேறு மனநிலையில் படிப்பார்.

டெபாசிட்டே வாங்காதவர்களுக்கு ஒரு விஷயம். வெளிநாட்டு ஹோட்டல்கள் போல, போன பிறகு கார்டில் தட்டிப் பணம் எடுப்பது இங்கே பொதுவாக நடக்காது. இந்திய வங்கிக் கார்டுகளுக்கு ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும். எனவே யுபிஐ எண்ணோ பணம் கட்டும் லிங்கோ அனுப்பிக் கேட்கத்தான் முடியும். அவர் கட்ட மறுத்தால் 1,820 ரூபாய்க்காகத் துரத்திக்கொண்டிருக்க முடியாது. செக்-இன் போதே சிறு டெபாசிட் வாங்குவதுதான் வழி.

ஆறாம் படி: கடிதம்

எழுதும்போது நான் பிடிவாதமாக வைத்துக்கொள்ளும் ஒரு விதி உண்டு. கண்டதை எழுதுவேன், செய்தவரை எழுத மாட்டேன். "நீங்கள் அறையில் புகைபிடித்தீர்கள்" என்பதை நாம் யாரும் பார்க்கவில்லை. "அறையில் மூன்று சிகரெட் துண்டுகள் கிடந்தன" என்பதைப் பார்த்தோம். காரணத்தையும் ஊகித்து எழுத வேண்டாம். பெட்ஷீட்டில் இருந்ததைச் சிகரெட் சுட்ட துளை என்று எழுதாமல், கருகிய துளை என்றே எழுதினேன். இது பின்னால் எப்படிக் கைகொடுத்தது என்று சொல்கிறேன்.

அபராதம், தண்டனை, குற்றம், நடவடிக்கை என்ற சொற்கள் கூடவே கூடாது. போலீஸ் பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள். பணம் கேட்கும் கடிதத்தில் போலீஸை இழுத்தால் அது மிரட்டலாகிவிடும். பணம் பிடித்ததற்கு மன்னிப்பும் கேட்க வேண்டாம். மன்னிப்பு கேட்டால் நமக்கே நிச்சயமில்லை என்று அர்த்தமாகும். நாம் தவறியதற்கு மட்டும் கேளுங்கள். செக்-அவுட் நேரத்தில் கவுண்டரில் இதைச் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு. அதற்குக் கேட்டோம்.

நாங்கள் அனுப்பிய கடிதம் இது:

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். தங்கள் இல்லத் திருமணத்துக்கு எங்கள் ஹோட்டலைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி.
>
> தாங்கள் எடுத்திருந்த எட்டு அறைகளில் 407 குறித்து இதை எழுதுகிறோம். ஞாயிறு மதியம் 12.10-க்கு அறை காலி செய்யப்பட்டது. 12.35-க்கு எங்கள் ஊழியர் உள்ளே சென்றபோது சிகரெட் வாடை இருந்தது. இன்னொரு ஊழியர் தனியாகச் சென்று அதை உறுதி செய்தார். பாத்ரூம் டம்ளரில் மூன்று சிகரெட் துண்டுகளும், பெட்ஷீட்டில் ஒரு கருகிய துளையும் இருந்தன. படங்களை இணைத்துள்ளோம். வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.30-க்கு அறையைச் சரிபார்த்தபோது இவை எதுவும் இல்லை.
>
> இந்தத் தளம் புகைபிடிக்கக் கூடாத தளம். மீறினால் 3,500 ரூபாய் வரை வசூலிக்கப்படும் என்பது தாங்கள் கையெழுத்திட்ட கார்டில் உள்ளது. நகல் இணைப்பில். எங்களுக்கு உண்மையில் ஆன செலவை மட்டுமே எடுத்துக்கொண்டுள்ளோம்:
>
> பெட்ஷீட் (ஓராண்டு பயன்படுத்தியது, பாதி விலை) – 450
> திரைச்சீலை சலவை – 560
> ஏசி சுத்தம் – 450
> கூடுதல் நேர வேலை – 360
> மொத்தம் – 1,820 ரூபாய்
>
> அறை ஒரு நாள் பயன்படாமல் இருந்ததற்கு எதுவும் வசூலிக்கவில்லை. டெபாசிட்டில் மீதி 8,180 ரூபாய் இன்று தங்கள் கணக்குக்கு அனுப்பப்பட்டது.
>
> அறையில் இருந்தவர் யார் என்று நாங்கள் கேட்கவில்லை. அது எங்களுக்குத் தேவையும் இல்லை. முன்பதிவு தங்கள் பெயரில் இருப்பதால் மட்டுமே தங்களுக்கு எழுதுகிறோம். இந்தக் கடிதம் வேறு யாருக்கும் அனுப்பப்படவில்லை.
>
> செக்-அவுட் நேரத்திலேயே இதைத் தங்களிடம் நேரில் சொல்லாமல் போனதற்கு வருந்துகிறோம்.
>
> இதில் எந்த விவரமாவது சரியில்லை என்று நினைத்தால், ஏழு நாட்களுக்குள் இந்த எண்ணிலோ மின்னஞ்சலிலோ தெரிவியுங்கள். இந்தத் தொகையை முடிவு செய்யாத பொது மேலாளர் அதைப் பார்த்து, மூன்று நாட்களுக்குள் எழுத்தில் பதில் தருவார்.
>
> இப்படிக்கு,
> டூட்டி மேனேஜர்

இதை பிடிஎஃப்பாக, கையெழுத்துப் போட்டவரின் சொந்த வாட்ஸ்அப் எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் மட்டும் அனுப்பினோம். ரூம் ஏற்பாடு செய்த டிராவல்ஸுக்கோ, கல்யாண வேலைக்கென்று இருந்த வாட்ஸ்அப் குழுவுக்கோ போகவில்லை. வீட்டுக்குத் தெரியாமல் சிகரெட் பிடிப்பவர்கள் நிறையப் பேர். கம்பெனி கணக்கில் தங்குபவர் என்றால், அவருடைய அலுவலகத்துக்கு அனுப்புவதற்கு முன் அவரிடமே முதலில் பேசுங்கள். யாராவது இணையத்தில் கோபமாக விமர்சனம் எழுதினாலும், பதிலில் அறை எண்ணோ படமோ போடக் கூடாது.

ஏழாம் படி: பதில் வரும்போது

மறுநாள் காலை அவர் கூப்பிட்டார். "சார், அது மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க ரூம். நான் யார்கிட்ட போய்க் கேக்கறது? சனிக்கிழமை காலையில அங்க சாமி கும்பிட்டு ஊதுபத்தி ஏத்தினாங்க. அதுல பட்ட ஓட்டையா இருக்கலாமே?"

இருக்கலாம் என்றேன். சிகரெட் துண்டுகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. துளையை மட்டும்தான் கேட்டார். கடிதத்தில் கருகிய துளை என்று மட்டும் எழுதியிருந்ததால் நான் எதிலிருந்தும் பின்வாங்க வேண்டியிருக்கவில்லை. ஊதுபத்தியால் ஆனாலும் ஷீட் அவர்கள் இருந்தபோதுதான் கருகியது, அதற்கான 450 அப்படியே நிற்கும் என்று விளக்கினேன். சிகரெட் சுட்டது என்று எழுதியிருந்தால் அந்த ஊதுபத்திப் பேச்சிலேயே மாட்டியிருப்பேன்.

போனில் சொல்லும் எதிர்ப்பைப் போனிலேயே முடித்துவிடாதீர்கள். அவர் சொன்னதை எழுதி வைத்து, பொது மேலாளர் பார்த்து, சொன்னபடி மூன்று நாட்களுக்குள் எழுத்தில் பதில் போக வேண்டும். எங்கள் பதில் நான்கு வரிதான். தங்கள் கருத்தைப் பரிசீலித்தோம், துளை எதனால் ஆனது என்று நாங்கள் சொல்லவில்லை, சேதம் தங்கிய காலத்தில் ஏற்பட்டது, எனவே தொகையில் மாற்றமில்லை. புதிதாக ஏதாவது ஆதாரம் காட்டியிருந்தால், உதாரணமாக வெள்ளிக்கிழமை நுழைந்தவுடன் எடுத்த படத்தில் துளை தெரிந்திருந்தால், அந்த 450-ஐ அன்றே திருப்பிக் கொடுத்திருப்போம். பகுதியாக விட்டுக்கொடுப்பது அப்படித்தான் இருக்க வேண்டும். கத்தியதற்காகக் குறைப்பதும், பணிவாகப் பேசியவரிடம் முழுசாக வாங்குவதும் நியாயமில்லை.

அவர் ஒத்துக்கொண்டார். கடைசியாக ஒரு கோரிக்கை வைத்தார். மொத்த பில்லை மாப்பிள்ளை வீட்டாரும் பார்ப்பார்கள், அதில் புகை என்ற சொல் வர வேண்டாம், இதர செலவு என்று போட முடியுமா என்றார். இல்லாத தலைப்பில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டு, பில்லில் 'அறை 407: துணி, சலவை, ஏசி சுத்தம், கூடுதல் வேலை – 1,820' என்று போட்டுக் கொடுத்தோம்.